கந்துவட்டியில் இருந்து வெளியே வர: எந்தக் கடனை முதலில் அடைப்பது?

கந்துவட்டிக்கு வாங்கியவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும். "மொத்தமா எழுபதாயிரம் எண்பதாயிரம் இருக்கு, அவ்வளவு பணத்துக்கு எங்கே போறது?" அந்தக் கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். மொத்தத்தையும் அடைத்தால்தான் விடிவு என்று நினைப்பதால், யாராவது ஒரு லட்சம் தருகிறேன் என்று வந்தால் அதையும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் முக்கால்வாசி வீடுகளில், கழுத்தை நெரிப்பது மொத்தக் கடன் இல்லை, அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு சின்னக் கடன்தான். அது எது என்று கண்டுபிடித்து முதலில் அதை முடிப்பது எப்படி, முடிக்கும்போது பேப்பரைத் திரும்ப வாங்குவது எப்படி, வட்டிக்காரர் மிரட்டினால் என்ன செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துத்தான்.

முதல் வேலை: நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வீட்டில் யார் யார் எங்கெங்கே வாங்கியிருக்கிறார்களோ எல்லாரும் உட்கார வேண்டும். இதுதான் கஷ்டமான பகுதி, ஏனென்றால் கணவனுக்குத் தெரியாமல் மனைவி வாங்கியதும் மனைவிக்குத் தெரியாமல் கணவன் வாங்கியதும் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு, அந்த மறைவுக் கடனுக்கு வட்டி கட்டத்தான் பல நேரம் அடுத்த கடன் வாங்கப்படுகிறது. அன்று ஒரு நாள் சண்டை வந்தால் வரட்டும். பாதிக் கணக்கை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எழுதிக்கொடுத்த தொகை எவ்வளவு, கையில் உண்மையில் வந்தது எவ்வளவு (இரண்டும் ஒன்றாக இருக்காது, முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் கொடுத்திருப்பார்கள்), எந்தத் தேதி, தினமா வாரமா மாதமா, ஒரு தடவைக்கு எவ்வளவு, இதுவரை எவ்வளவு கட்டியாயிற்று. கடைசியாக, கையெழுத்துப் போட்ட புரோநோட்டு, வெற்றுக் காசோலை, பத்திரத்தாள், ஆர்.சி. புக், ஏ.டி.எம். கார்டு என்று எது யார் கையில் இருக்கிறது. காசோலை கொடுத்திருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். செக் புக்கின் அடிக்கட்டையிலோ வங்கியில் கேட்டோ அந்த எண்ணைப் பிடித்துவிடலாம்.

அப்புறம் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இந்தக் கடன் தானாக முடியுமா, முடியாதா? தண்டல் என்றால் நூறு நாளிலோ பத்து வாரத்திலோ முடிந்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு தவணையிலும் அசலும் சேர்ந்து போகிறது. வார வட்டி, மாத வட்டி, மீட்டர் வட்டி அப்படி இல்லை. நீங்கள் கட்டுவது முழுவதும் வட்டி, அசல் அப்படியே நிற்கும், பத்து வருஷம் கட்டினாலும் நிற்கும். தினமும் வாசலில் வந்து நிற்கும் தண்டல்காரரைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், வாரத்துக்கு ஒரு தடவை சிரித்துக்கொண்டே வரும் ஆளை விட்டுவிடுகிறார்கள். ஆபத்து இரண்டாவது ஆளிடம்தான் அதிகம்.

ஒரு இட்லிக் கடைக் கணக்கு

கணக்குப் புரிவதற்காக ஒரு தள்ளுவண்டி இட்லிக் கடை அக்காவை எடுத்துக்கொள்வோம். அரிசி, உளுந்து, கேஸ் எல்லாம் போக நாளுக்கு 900 ரூபாய் நிற்கிறது. மாதத்தில் 26 நாள் கடை போட்டால் 23,400. வீட்டுச் செலவு நாளுக்கு 450 என்று வைத்தால் மாதம் 13,500. மீதி 9,900. கடன் இல்லாவிட்டால் நல்ல நிலைமைதான்.

கடன் மூன்று. ஒன்று, 20,000 ரூபாய் நூறு நாள் தண்டல். முன்னாடியே 3,000 பிடித்துக்கொண்டு கையில் 17,000 கொடுத்தார்கள், தினம் 200. நாற்பது நாள் கட்டியாயிற்று, அறுபது நாள், அதாவது 12,000 பாக்கி. இரண்டு, 10,000 ரூபாய் வார வட்டி. முதல் வார வட்டியைப் பிடித்துக்கொண்டு 9,000 கொடுத்தார்கள், வாரம் 1,000 கட்டுகிறார். எட்டு மாதமாக, சுமார் 34,000 ரூபாய் போயிருக்கிறது, அசல் இன்னும் அதே 10,000. மூன்று, 50,000 ரூபாய் ஐந்து வட்டிக்கு, மாதம் 2,500, இரண்டு வருஷமாக. இதற்கு ஒரு வெற்றுக் காசோலையும் புரோநோட்டும் கொடுத்திருக்கிறார்.

மாதக் கணக்கில் தண்டல் 6,000, வார வட்டி கிட்டத்தட்ட 4,300, மாத வட்டி 2,500. கூட்டினால் 12,800. கையில் நிற்பதோ 9,900. மாதம் 2,900 ரூபாய் குறைகிறது. இந்த 2,900-ஐத்தான் அந்த அக்கா மாதாமாதம் யாரிடமாவது புதுசாக வாங்கிக்கொண்டிருக்கிறார். சுழல் என்று சொல்கிறோமே, அது இந்தத் துண்டுதான். 72,000 ரூபாய் கடன் இவரைப் புதுக் கடனுக்குத் தள்ளவில்லை, மாதம் விழும் இந்த 2,900 தள்ளுகிறது.

இப்போது பாருங்கள், ஆயிரம் ரூபாயை எந்தக் கடனில் போட்டால் மாதச் சுமை எவ்வளவு குறையும்? ஐந்து வட்டிக் கடனில் ஆயிரம் ரூபாய் அசல் குறைந்தால் மாதம் 50 மிச்சம். வார வட்டிக் கடனில் அதே ஆயிரத்துக்கு 430 மிச்சம். ஆக 10,000 ரூபாய் புரட்டி வார வட்டியை மட்டும் முடித்துவிட்டால் மாதம் 4,300 குறைகிறது, துண்டு போய் 1,400 மீதியே விழ ஆரம்பிக்கிறது. 72,000 தேவையில்லை, 10,000 போதும்.

தண்டலையும் இதே கணக்கில் பார்த்தால் அதுவும் முதலிடத்துக்கு வரும்போலத் தோன்றும், 12,000 கொடுத்தால் மாதம் 6,000 மிச்சம். ஆனால் அது அறுபது நாளில் தானாகவே முடியப்போகிறது, முன்கூட்டியே கட்டினாலும் பிடித்த 3,000-இல் ஒரு பைசா திருப்பித் தர மாட்டார்கள். எனவே தண்டலைத் தொட வேண்டாம், தினம் 200 கட்டி ஓட்டி முடித்துவிடுங்கள். வட்டி என்று பார்த்தால் அதுவும் அநியாயம்தான். அசல் தினமும் குறைந்துகொண்டே போவதால் நூறு நாளில் சராசரியாக எட்டாயிரத்துச் சொச்சம்தான் உங்களிடம் இருந்தது, அதற்கு மூவாயிரம் வட்டி. வருஷக் கணக்கில் நூற்றுக்கு நூறைத் தாண்டிவிடும். இருந்தாலும் முடிவு தேதி இருக்கும் கடன், முடிவே இல்லாத கடனைவிட மேல்.

தண்டலில் ஒரு பொறி உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். அறுபதாவது நாள் போல வசூலுக்கு வருகிறவர், "அக்கா, ஒழுங்கா கட்டுறீங்க, புதுசா எழுதிக்கலாமே" என்பார். அதாவது பழைய பாக்கி 8,000-ஐக் கழித்துக்கொண்டு புதிதாக 20,000-க்கு எழுதுவது. முன்பிடிப்பு 3,000-உம் போக கையில் வருவது 9,000. ஏற்கெனவே வட்டி பிடித்த அந்த 8,000-க்கு மறுபடியும் வட்டி பிடித்தாயிற்று, தேதியும் மறுபடி நூறு நாள் தள்ளிப் போயிற்று. முடியவேண்டிய ஒரே கடனும் முடியாத கடனாக ஆவது இப்படித்தான். பணம் எவ்வளவு அவசரமாக இருந்தாலும் பாதியில் புதுசாக எழுதாதீர்கள்.

அந்தப் பத்தாயிரத்துக்கு வழி

கடனை அடைக்கக் கடனா என்று கேட்பார்கள். ஆமாம், ஒரே ஒரு தடவை, இதைவிட மிகக் குறைந்த வட்டியில், வாங்கிய அன்றே அங்கே கொண்டுபோய்க் கட்டிவிடுவதாக இருந்தால் மட்டும். கையில் இரண்டு நாள் வைத்திருந்தால் அது வேறு எங்கோ போய்விடும், அப்புறம் கடன் நான்காகிவிடும்.

வீட்டில் அரைப் பவுன் தோடு இருந்தாலே போதும். பக்கத்தில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ, நகரக் கூட்டுறவு வங்கியிலோ, ஏதாவது பொதுத்துறை வங்கியிலோ நகைக்கடன் கேளுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, போட்டோ இருந்தால் பெரும்பாலும் அன்றே கிடைத்துவிடும். வட்டி இடத்துக்கு இடம் மாறும், ஆனால் வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு என்ற அளவில்தான் இருக்கும். பத்தாயிரத்துக்கு மாதம் நூறு ரூபாய் சொச்சம். மாதம் 4,300 கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் நூறு ரூபாய். "நகையை வங்கியில் வைத்தால் கௌரவம் என்னாவது" என்று அதைக் காதில் போட்டுக்கொண்டே வாரம் ஆயிரம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

நகை இல்லை என்றால், மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் குழுவின் சேமிப்பில் இருந்து உள்கடன் கேட்கலாம், சின்னத் தொகைக்கு இது நல்ல வழி. ஓடிக்கொண்டிருக்கும் சீட்டு இருந்தால், தள்ளுபடி கொஞ்சம் அதிகமானாலும் எடுத்துவிடுவது வார வட்டியைவிட லாபம், கணக்குப் போட்டுப் பாருங்கள். தெருவோர வியாபாரிகளுக்கு 2020-இல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி கடன் இருக்கிறது, முதல் தவணை 10,000-ஆக இருந்தது, 2025-இல் 15,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்த தடவை கூடுதலாகத் தருவார்கள், வட்டியில் ஒரு பகுதி மானியமாகக் கணக்கில் வரும். நகராட்சியோ மாநகராட்சியோ கொடுத்த வியாபாரி அடையாள அட்டை வேண்டும், அது இல்லையென்றால் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டும். இதற்குக் கொஞ்ச வாரம் ஆகலாம், அதனால் இன்றைக்கே மனு போட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள்.

தனியார் மைக்ரோ பைனான்ஸ் குழுக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டி கந்துவட்டி அளவுக்கு இல்லைதான், ஆனால் அடுத்த வாரமே தவணை ஆரம்பித்துவிடும், ஒருத்தர் கட்டாவிட்டால் குழுவில் இருக்கும் மற்றவர்களை உட்கார வைத்துவிடுவார்கள். அந்தத் தவணையைக் கட்ட மறுபடி வார வட்டிக்குப் போனவர்கள் ஏராளம். தவணைத் தொகை உங்கள் மீதியைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். போனில் வரும் உடனடிக் கடன் ஆப் பக்கம் போகவே வேண்டாம், அங்கே உங்கள் தொடர்பு எண்கள் எல்லாவற்றுக்கும் அசிங்கமாகச் செய்தி போகும்.

கணக்கு முடிக்கும் நாள்

பணம் தயாரானதும் வட்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "வியாழக்கிழமை முழுசா முடிச்சுக்கிறேன், பேப்பரை எடுத்துட்டு வாங்க." எங்கிருந்து பணம் வந்தது என்று சொல்லாதீர்கள். இதுவரை கொடுத்த வட்டியை நோட்டில் காட்டி கொஞ்சம் குறைக்கவும் கேளுங்கள், அதில் தப்பே இல்லை. வார வட்டிக்காரர் பத்தாயிரத்துக்கு முப்பத்து நாலாயிரம் எடுத்தாயிற்று, எட்டாயிரத்துக்கு முடிக்கச் சொன்னால் முதலில் கத்துவார், பல பேர் ஒன்பதுக்கு வருவார்கள். வராவிட்டால் பத்தே கொடுத்து முடியுங்கள், ஆயிரம் ரூபாய்க்காக ஒரு வாரம் இழுத்தால் அந்த ஆயிரம் வட்டியிலேயே போய்விடும்.

சில பேர் அசலையே வாங்க மாட்டார்கள். "அசலுக்கு என்ன அவசரம், வட்டியை மட்டும் கட்டிக்கிட்டே இருங்க" என்று பாசமாகச் சொல்வார்கள். அவர்களுக்கு உங்கள் அசல் வேண்டாம், வாரம் தவறாமல் வரும் ஆயிரம்தான் வேண்டும். அப்படி வாங்க மறுத்தால், மறுத்த தேதியையும் யார் முன்னால் மறுத்தார் என்பதையும் நோட்டில் எழுதுங்கள், வாட்ஸப்பில் "இன்று அசல் 10,000 தர வந்தேன், நீங்கள் வாங்கவில்லை" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். பின்னால் இதற்கு மதிப்பு உண்டு.

தனியாகப் போகாதீர்கள். உங்கள் பக்கம் விவரம் தெரிந்த ஒருவர், கடைக்கார அண்ணாச்சியோ சொந்தக்காரரோ, கூட இருக்கட்டும். முடிந்தால் கூகுள் பே, போன் பே, வங்கிக் கணக்கு என்று ஏதாவது ஒன்றில் அனுப்புங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் ஒரு தாளில் இப்படி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: இன்னாருக்கு இந்தத் தேதியில் கொடுத்த இவ்வளவு ரூபாய் கடனுக்கு அசலும் வட்டியும் இன்று முழுவதுமாகப் பெற்றுக்கொண்டேன், இனி பாக்கி எதுவும் இல்லை, இந்த எண்ணுள்ள காசோலையையும் புரோநோட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தேதி, கையெழுத்து, சாட்சி. கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் அதையே ஒரு வாட்ஸப் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள்.

பேப்பர் முதலில், பணம் அப்புறம். ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுக்க வேண்டும். "பேப்பர் வீட்ல இருக்கு, நாளைக்கு தர்றேன்" என்றால் நாளைக்கே பணம் தருகிறேன் என்று திரும்பி வந்துவிடுங்கள். "தொலைஞ்சு போச்சு" என்றால் அது தொலைந்துவிட்டது, இனி அதை வைத்து எதுவும் கேட்க மாட்டேன் என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுதி வாங்குங்கள், அன்றே வங்கிக்குப் போய் அந்தக் காசோலைக்கு ஸ்டாப் பேமென்ட் கொடுங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடன் பாக்கி இருக்கும்போதே ஸ்டாப் பேமென்ட் கொடுத்தால் அது உங்களைக் காப்பாற்றாது, காசோலை திரும்பியதாகவே வழக்குப் போடலாம். கடன் முடிந்ததற்கு ஆதாரம் கையில் வந்தபிறகு கொடுப்பதுதான் பாதுகாப்பு.

ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொண்டு சம்பளத்தையோ பென்ஷனையோ அவர்களே எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. அந்தக் கார்டுக்காகக் கெஞ்ச வேண்டியதில்லை. பாஸ்புக்கோடு வங்கிக்குப் போய் கார்டை முடக்கச் சொல்லிப் புதிய கார்டு கேட்டால் போதும். அதேபோல வீட்டுப் பத்திரத்தை "சும்மா அடமானம்" என்று சொல்லி எங்காவது கையெழுத்து வாங்கியிருந்தால், tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்றைப் பாருங்கள், பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. அடமானம் என்று நினைத்துக்கொண்டிருப்பது அங்கே கிரயமாகவோ பவர் பத்திரமாகவோ பதிவாகி இருந்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வக்கீலைப் பார்க்க வேண்டிய நேரம் அது.

மிச்சத்தைக் கரைப்பது

இட்லிக் கடைக்குத் திரும்புவோம். வார வட்டி போயிற்று, நகைக்கடன் வட்டி நூறு வந்தது, மாத மீதி 1,300. இரண்டு மாதத்தில் தண்டலும் முடிந்துவிடும், அன்றிலிருந்து தினம் 200, மாதம் 6,000 விடுபடுகிறது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பணம் கொஞ்சம் புரள்வது தெரிந்ததும் ஒரு தவணை டி.வி. வந்துவிடும். தண்டல் முடிந்த மறுநாளும் அதே 200-ஐத் தனி டப்பாவில் போடுங்கள், தண்டல்காரர் இன்னும் வருகிறார் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 6,000-ஐ ஐந்து வட்டிக் கடனின் அசலுக்குத் திருப்ப வேண்டும். மாத வட்டிக்காரர்கள் சில்லறையாக அசல் வாங்க மாட்டார்கள், ஆனால் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் மாத வட்டி 500 குறைய வேண்டும், அதை அப்போதே பேசி, புரோநோட்டின் பின்புறம் "அசலில் 10,000 வரவு" என்று அவர் கையால் எழுத வைத்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரவு என்று மட்டும் எழுதினால் வட்டியில் வைத்துக்கொண்டேன் என்பார், அசல் என்ற சொல் அங்கே இருக்க வேண்டும். குறைந்த வட்டியையும் சேர்த்துச் சேர்த்துப் போட்டால் எட்டு மாதத்தில் 50,000 கரைந்துவிடும். ஆக மொத்தம் பத்து மாதம். இது காகிதக் கணக்கு. மழை பத்து நாள் பெய்து கடை போடாமல் போகும், யாருக்காவது காய்ச்சல் வரும், ஒன்றரை வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் அந்த 1,300-ஐ அசலில் போடாமல் தனியாக வைக்கச் சொல்வேன். முதல் மாதத்தில் இருந்தே. வட்டிக்குப் பணம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆடம்பரத்துக்கு வாங்குவதில்லை, ஆஸ்பத்திரிக்கும் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டு அட்வான்ஸுக்கும்தான் வாங்குகிறார்கள். ஐயாயிரம் ரூபாய் அஞ்சலகக் கணக்கில் கிடந்தால் அப்படிப்பட்ட பாதி அவசரங்களுக்கு வட்டிக்காரர் வாசல் மிதிக்க வேண்டியதில்லை.

மிரட்டினால்

தமிழ்நாட்டில் 2003-இலேயே அதீத வட்டி வசூலிப்பதைத் தடை செய்யும் சட்டம் வந்துவிட்டது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே அதில் இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அரசு நிர்ணயித்த வட்டியோடு கடன் தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, கடன் தீர்ந்தது என்று பதிவு செய்யக் கேட்கவும் அதில் வழி இருக்கிறது. அசலை வாங்க மறுக்கிறவர்களுக்கு இதுதான் மருந்து. 2022 ஜூனில் போலீஸ் "ஆபரேஷன் கந்துவட்டி" என்று ஒரு நடவடிக்கையும் எடுத்தது.

"வட்டியே சட்டவிரோதம், கட்டாதே, போ" என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வாங்கிய அசல் கடன்தான், சட்டம் அதைத் தள்ளுபடி செய்யவில்லை. அவர் கையில் உங்கள் காசோலையும் இருக்கிறது. நோட்டும் ஆதாரமும் இல்லாமல் திடீரென்று நிறுத்தினால், அவர் அந்தக் காசோலையில் இரண்டு லட்சம் என்று எழுதி வங்கியில் போடுவார். வெற்றாகக் கொடுத்தேன் என்று சொன்னால் மட்டும் நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளாது, கையெழுத்து உங்களுடையது என்றால் கடன் இருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டவேண்டியது நீங்கள்தான். அந்த நேரத்தில் வாரம் வாரம் கட்டிய தேதிகளும் போன் பே ரசீதுகளும்தான் பேசும்.

காசோலை திரும்பினால் வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் வரும். வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், திருப்பி அனுப்பினாலும் கிடைத்ததாகவே கணக்கு. கிடைத்த நாளில் இருந்து 15 நாள் அவகாசம். அதற்குள் வக்கீல் மூலம் பதில் போக வேண்டும்: வாங்கியது இவ்வளவு, கட்டியது இவ்வளவு, காசோலை ஈடாகக் கொடுத்தது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே, மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

வீட்டுக்கு வந்து கத்துவது, வண்டியை இழுத்துக்கொண்டு போவது, பெண்களிடம் அசிங்கமாகப் பேசுவது என்று போனால் உடனே 100 அல்லது 112. அப்புறம் எழுத்தில் புகார். பேசும்போது கடனைப் பற்றி ஆரம்பித்தால் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அதனால் புகாரின் முதல் வரியிலேயே 2003 சட்டத்தின் பெயரையும், வாங்கிய தொகை, வாராவாரம் கேட்கும் வட்டி, மிரட்டிய தேதி, நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றையும் எழுதுங்கள். கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். தரவில்லை என்றால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் கமிஷனருக்கு அனுப்புங்கள், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதுவும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம், அதற்கு முந்தைய ரசீதுகள் எல்லாம் தேவைப்படும். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது, பல தடவை மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை என்று அப்போது பேசப்பட்டது. ஒரு இடத்தில் கொடுத்துவிட்டு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று காத்திருக்காதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். வீட்டில் யாராவது செத்துப்போகலாம் என்ற பேச்சை எடுத்தால் அதைக் கடன் பேச்சாக எடுத்துக்கொள்ளாமல் 104 அல்லது 14416-க்கு அன்றே பேச வையுங்கள், தனியாக விடாதீர்கள்.

ஸ்டேஷனில் உட்காரவைத்து "இருவரும் பேசி முடிச்சுக்கோங்க" என்று சொல்வதும் நடக்கும். நியாயமான தொகையாக இருந்தால் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் வாய்ப்பேச்சாக இல்லாமல், பேப்பர் திரும்ப வந்து எழுத்தில் கையெழுத்தானால் மட்டும். வெற்றுத் தாளில் இன்னொரு கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபிறகும் அந்த நாற்பது பக்க நோட்டையும் ரசீதுகளையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். புரோநோட்டை வைத்து எழுதிய தேதியில் இருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம், நடுவில் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தேதியில் இருந்து மறுபடி மூன்று ஆண்டு ஓடும். கடைசியாகக் கையெழுத்துப் போட்ட நாளில் இருந்து ஐந்து வருஷமாவது ஒரு பிளாஸ்டிக் கவரில், ரேஷன் அட்டை வைக்கும் இடத்திலேயே வைத்திருங்கள். ரசீதுகளைப் போனிலும் படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.